பார்க்க முடியாத திரைக்கு ஒரு பதில்: பினாங்கு ஹேக்கத்தானில் ஒரு வழிகாட்டி சொன்னது

நிறுவனங்களுக்காக மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் துறையில் பல வருடம் வேலை பார்த்த ஒருவர், பினாங்கில் நடந்த ஒரு மாணவர் ஹேக்கத்தானுக்கு வழிகாட்டியாக வந்திருந்தார். மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை எளிமையானது. கிளினிக்கில் பதிந்த முதியவர் ஒருவர் “நேரம்” என்று ஒரு செய்தி அனுப்பினால், அவருடைய அடுத்த சந்திப்பு எப்போது என்று நிரல் தானாகப் பதில் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், டெலிகிராம் என எதிலிருந்து கேட்டாலும் பதில் போக வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு முன் வழிகாட்டி பேசினார். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. “நீங்க எழுதுற பதில் எந்தத் திரையில போய் விழும்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கிறதையே அடிப்படையா வச்சு அதை வடிவமைச்சுப் பாருங்க.”

கேட்பதற்குப் பொதுவான அறிவுரை போல இருக்கும். ஆனால் அதன் பின்னால் இருப்பது முழுக்க முழுக்கத் தொழில்நுட்ப விஷயம். தமிழில் பதில் எழுதும்போது அது இன்னும் கூர்மையாகிறது. அவர் எடுத்துக்காட்டிய ஒரே ஒரு பதிலைப் பின்தொடர்ந்து போனால் இது நன்றாகப் புரியும்.

முதலில், அனுப்புகிறவருக்கு என்னதான் தெரியும்? இணையதளம் என்றால் பார்ப்பவரின் உலாவி தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கமும் மாறிக்கொள்ளும். செய்தியில் இந்த வசதி கிடையாது. எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்ததும் அனுப்பும் நிறுவனத்துக்கு `DELIVRD` என்று ஒரு ரசீது வரும். கைப்பேசி அதை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அந்த ரசீதில் எதுவும் இல்லை. எழுத்து சரியாகத் தெரிந்ததா, கட்டம் கட்டமாகத் தெரிந்ததா, பாதிதான் வந்ததா என்று அது சொல்லாது. வாட்ஸ்அப்பின் நீல டிக்கும் செய்தி திறக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லும்.

அதோடு செய்தி முதலில் விழுந்த திரையிலேயே நின்றுவிடுவதும் இல்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் அப்பாவிடம் பொத்தான் கைப்பேசி, கோலாலம்பூரில் இருக்கும் மகளிடம் வாட்ஸ்அப் என்றால், கிளினிக்கின் பதில் மகளுக்கு வரும். அவர் அதை நகலெடுத்து அப்பாவுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்புவார், அல்லது போன் செய்து வாசித்துக் காட்டுவார். முதல் திரையை நீங்கள் சரியாக ஊகித்திருந்தாலும் இரண்டாவது திரை கைக்கு வெளியேதான் இருக்கிறது. இந்த இடத்தை வழிகாட்டி சற்று வேகமாகத் தாண்டிப் போனார். என்னைக் கேட்டால், அவருடைய வாதத்திலேயே வலுவான பகுதி இதுதான்.

சரி, அந்தப் பதிலைப் பார்ப்போம். மாணவர்கள் தங்கள் மடிக்கணினியில் அழகாகத் தெரிகிற மாதிரி எழுதக்கூடிய ஒரு பதில் என்று வழிகாட்டி இதைத் திரையில் போட்டார்:

```
**உங்கள் சந்திப்பு**
| நாள் | நேரம் | அறை |
|---|---|---|
| 12/03 | 8.30 | 4 |
🔴 *சாப்பிடாமல் வரவும்*
மாற்ற: கீழே உள்ள பச்சைப் பொத்தான்
```

நட்சத்திரம், கோடு போன்ற குறிகளைப் போட்டு எழுத்துக்கு வடிவம் கொடுக்கும் முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். அது புரிகிற ஒரு செயலியில் இது தடித்த தலைப்பு, கட்டம் போட்ட அட்டவணை, சிவப்புப் புள்ளியுடன் ஓர் எச்சரிக்கை என்று கச்சிதமாக வரும். சோதனைத் திரையில் அப்படித்தான் வந்தது. இதே எழுத்துகள் எஸ்எம்எஸ்ஸாகப் போனால் என்ன ஆகும்?

ஓர் எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில, மலாய் எழுத்துகளை எழுத்துக்கு 7 பிட் என்று நெருக்கி அடுக்குவதால் 160 எழுத்து கொள்ளும். அந்த 7 பிட் பட்டியலில் தமிழ் இல்லை. அதனால் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் எழுத்துக்கு 2 பைட் என்ற வேறொரு குறியேற்றத்துக்கு மாறிவிடும். அப்போது 70 இடம்தான். செய்தி அதற்கு மேல் நீண்டால் பல துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டுக்கு அடுத்து எது என்று குறிக்க ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் போய்விடும், மீதி 67 இடம்.

இந்த இடம் என்பது நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. “வணக்கம்” நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஏழு: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. கால், கொம்பு, சுழி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். “கொ” என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்; ஒரு விதத்தில் இரண்டு இடம், இன்னொன்றில் மூன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே விதத்துக்குக் கொண்டுவருவது இதற்காகத்தான்.

```js
const s = text.normalize("NFC");
const n = s.length;
const parts = n <= 70 ? 1 : Math.ceil(n / 67);
```

தமிழ் கலந்த செய்திக்கு இந்தக் கணக்குச் சரியாக வரும். மேலே உள்ள பதிலுக்கு இதை ஓட்டினால் 136 வருகிறது. சிவப்புப் புள்ளி மட்டும் அதில் இரண்டு இடம். மலேசியாவில் நிறுவனங்கள் அனுப்பும் இலவச எஸ்எம்எஸ்ஸின் தொடக்கத்தில் பெறுபவருக்குக் கட்டணம் இல்லை என்று காட்ட `RM0` என்று இருக்கும். அதற்கும் அதையடுத்த இடைவெளிக்கும் சேர்த்து நான்கு இடம். ஆக மொத்தம் 140, அதாவது மூன்று எஸ்எம்எஸ்.

துண்டுகள் எங்கே வெட்டுப்படுகின்றன என்று வழிகாட்டி காட்டினார். முதல் துண்டு `| 12/` என்று முடிகிறது. இரண்டாவது `03 | 8.30` என்று தொடங்குகிறது. மூன்றாவது துண்டில் இருப்பது “த்தான்” மட்டும். “பொத்தான்” என்ற சொல்லின் வால். நல்ல கைப்பேசி மூன்றையும் ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டிவிடும். ஆனால் ஒரு துண்டு தாமதமானாலோ, ஒட்டத் தெரியாத பழைய கைப்பேசியாக இருந்தாலோ, முதியவர் கையில் தேதியின் பாதி இருக்கும். ஒட்டி வந்தாலும் அவர் பார்க்கப்போவது நட்சத்திரங்களும் கோடுகளும் நடுவில் சில எண்களும்தான். தலைப்புக்குக் கீழே எண்கள் நேராக நிற்பதால்தான் அட்டவணை புரிகிறது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் இடைவெளி விட்டு நேராக்கவும் வழியில்லை. 8.30 என்பது நேரமா, 4 என்பது அறையா அல்லது வரிசை எண்ணா என்று அவர்தான் யோசிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கதை வேறு. அங்கே இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரக் குறி போட்டால் இடையில் இருப்பது தடித்த எழுத்தாகும். மார்க்டவுனில் அதே குறி சாய்வெழுத்து. தலைப்புக்கு இரட்டை நட்சத்திரம் போட்டிருப்பதால் குறிகள் திரையில் மிஞ்சி நிற்கும். அந்தச் செய்தியை மகள் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குறிகளும் கூடவே போகும்.

டெலிகிராமில் இன்னும் மோசம். அங்கே நிரல் அனுப்பும் செய்திக்கு `MarkdownV2` என்ற வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி, கோடு, கழித்தல் குறி, ஆச்சரியக்குறி போன்றவை எல்லாம் ஒதுக்கப்பட்ட குறிகள். அவற்றுக்கு முன்னால் `\` போடாவிட்டால் செய்தி போகவே போகாது. `can't parse entities` என்ற பிழைதான் திரும்பி வரும். “காலை 8 மணி” என்று சோதித்துப் பார்த்த மாணவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். 8.30 மணிச் சந்திப்பு உள்ள நோயாளிக்கு நடுவில் உள்ள அந்தப் புள்ளியாலேயே பதில் போகாது. முழு மணிக்காரர்களுக்குப் பதில் கிடைக்கிறது, அரை மணிக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள் என்றார் வழிகாட்டி. வடிவமைப்பே கேட்காமல் வெற்று எழுத்தாக அனுப்பினால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களைப் பற்றி அவர் பேசியபோது அரங்கம் நன்றாகவே கவனித்தது. சிவப்புப் புள்ளியைத் திரைவாசிப்பான் ஆபத்து என்று சொல்லாது. அந்தப் படத்தின் பெயரை மட்டும் சொல்லும். “கீழே உள்ள பச்சைப் பொத்தான்” என்பதில் “கீழே”, “பச்சை” இரண்டும் கண்ணை நம்பி எழுதியவை. இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் 2008-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன: நிறத்தையோ இடத்தையோ வடிவத்தையோ மட்டும் வைத்து அறிவுறுத்தல் தராதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் பொத்தானே கிடையாது என்பதால் அங்கே எல்லாருடைய நிலையும் அதுதான்.

இதன் பிறகு அவர் சொன்ன ஒன்றை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. செய்தி எந்தத் திரையில் வந்தாலும் அதன் கடைசிப் பகுதிக்குத்தான் ஆபத்து அதிகம். பூட்டிய திரையில் வரும் அறிவிப்பு முதல் சில சொற்களோடு நின்றுவிடும். கடிகாரத்தில் இன்னும் குறைவு. எஸ்எம்எஸ்ஸில் தொலைந்தால் தெரியாமல் போவது கடைசித் துண்டு. தமிழிலோ “வேண்டாம்”, “கூடாது”, “இல்லை” எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். “மாத்திரை போட்டுக்கொண்டு வர வேண்டாம்” என்ற வாக்கியம் நடுவில் அறுந்தால் “மாத்திரை போட்டுக்கொண்டு வர…” என்று நிற்கும். அரைகுறைச் செய்தியாக மட்டும் இருந்தால் பரவாயில்லை, இது நேர்மாறான செய்தியாகிவிடுகிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் மறுப்புச் சொல் வினைக்கு முன்னால் வந்துவிடுவதால், அந்த மொழிகளில் வார்ப்புரு எழுதிப் பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. மறுப்பை வினையெச்சத்துக்குள் வைத்துவிட வேண்டும். “சாப்பிட்டு வரக் கூடாது” என்பதைவிடச் “சாப்பிடாமல் வரவும்” பாதுகாப்பானது. முதல் சொல் வந்துவிட்டாலே விஷயம் வந்துவிட்டது. மாணவர் எழுதுவதாகக் காட்டிய அந்தப் பதிலில் இந்த ஒன்று ஏற்கெனவே சரியாக இருந்தது என்பதையும் அவர் சொன்னார். ஆனால் அது ஐந்தாவது வரியில் இருந்தது. தலைப்பு வரி “உங்கள் சந்திப்பு” என்று, கேட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவர் பலகையில் மாற்றி எழுதினார்:

```
RM0 மார்ச் 12 வியாழன் காலை 8.30. சாப்பிடாமல் வரவும். அறை 4.
```

இதில் 59 இடம்தான் செலவாகிறது. ஒரே எஸ்எம்எஸ். நாள், நேரம், நிபந்தனை, இடம் என்று முக்கியத்துவ வரிசையில் நிற்கிறது. கடைசியில் எது அறுந்தாலும் இழப்பு அறை எண்தான், அதைக் கிளினிக்கின் முன்மேசையில் கேட்டுக்கொள்ளலாம். மாதத்தின் பெயரைச் சொல்லாக எழுதியதால் 12/03 என்பது மார்ச்சா டிசம்பரா என்ற கேள்வி எழாது. “நாளை” என்று எழுதாததும் யோசித்துச் செய்ததே. கைப்பேசி அணைந்திருந்தால் எஸ்எம்எஸ் மறுநாள்கூட வரும். அப்போது “நாளை” தவறான நாளைக் காட்டும்.

ஒரு மாணவி எழுந்து, “அக்கா, அப்படின்னா தண்ணி குடிக்கலாமான்னு கேட்பாங்களே?” என்றார். பொருத்தமான கேள்வி. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு வழக்கமாகத் தண்ணீர் குடிக்கலாம். அது தெரியாமல் காலையில் நாக்கு வறள வந்து உட்காரும் முதியவர்கள் உண்டு. சுருக்குவது மட்டுமே குறிக்கோளாக இருந்தால் இந்தத் தகவல் வெளியே போய்விடும். வழிகாட்டி இரண்டாவது செய்தியைச் சேர்த்தார்:

```
RM0 மார்ச் 12: தண்ணீர் குடிக்கலாம். நாள் மாற்ற 2 என்று அனுப்பவும்.
```

இது 66 இடம். முதல் செய்தியோடு ஒட்டி ஒரே நீளச் செய்தியாக அனுப்பியிருந்தாலும் துண்டுகளின் எண்ணிக்கை இரண்டுதான், செலவும் அதேதான். ஆனால் அப்போது வெட்டு எங்கே விழும் என்பது அனுப்புகிறவர் கையில் இருக்காது. இரண்டு தனிச் செய்தியாக அனுப்பினால், ஒன்று மட்டும் வந்தாலும் அது தன்னளவில் பொருள் தரும். வரிசை மாறி வந்தாலும் கெடாது. தேதியை இரண்டாவதிலும் திருப்பிச் சொன்னது அதற்காகத்தான். பொத்தானுக்குப் பதில் “2 என்று அனுப்பவும்” என்றது எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், டெலிகிராம் மூன்றிலும் செல்லும். மகள் போனில் வாசித்துக் காட்டினாலும் செல்லும்.

கிளினிக்குக்கு வழிகாட்டும் வரைபட இணைப்பைச் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். எஸ்எம்எஸ்ஸில் கூடாது. மோசடிகளைக் கட்டுப்படுத்த, இணைப்பு உள்ள எஸ்எம்எஸ்களை மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2023-இல் தடுக்கத் தொடங்கின. பின்னர் அது நிறுவனங்கள் அனுப்பும் மொத்தச் செய்திகளுக்கும் விரிந்தது. இணைப்பைச் சேர்த்தால் சந்திப்பு நேரமும் சேர்ந்தே வழியில் நின்றுவிடலாம்.

அலங்காரமே வேண்டாம் என்று அவர் சொன்னதாக நினைத்துவிடக் கூடாது. எந்த வடிவமும் இல்லாமல் தனியாக நிற்கக்கூடிய வெற்று எழுத்துப் பதிலை முதலில் எழுதுங்கள். பிறகு அனுப்பும் வழி எதுவென்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் அதன் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் சொன்ன வரிசை. வாட்ஸ்அப் என்றால் “சாப்பிடாமல் வரவும்” தடித்த எழுத்தில் போகட்டும், டெலிகிராம் என்றால் ஒரு பொத்தானும் வரட்டும். அவை உதிர்ந்து போனாலும் பதில் பதிலாகவே இருக்க வேண்டும். மின்னஞ்சலில் இந்த ஏற்பாடு 1992-லிருந்தே இருக்கிறது. ஒரே கடிதத்துக்குள் வெற்று எழுத்து வடிவமும் அலங்கரித்த வடிவமும் சேர்ந்தே போகும். தன்னால் காட்ட முடிந்ததைப் பெறுபவரின் செயலி எடுத்துக்கொள்ளும். எஸ்எம்எஸ்ஸில் அப்படி ஒரு தேர்வு இல்லாததால் அந்த வேலை எழுதுகிறவர் தலையில் விழுகிறது.

படக்குறிகளைச் சுத்தமாக விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னதை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு மணிப் படத்தைப் பார்த்துத்தான் இது கிளினிக் செய்தி என்று அடையாளம் காண்கிறார்கள். படம் சொல்வதையே சொல்லும் வார்த்தைகளும் பக்கத்தில் இருந்து, படம் கடைசியில் வந்தால் கெடுதல் இல்லை.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் தீராத ஒரு வரம்பு இருக்கிறது. தமிழ் எழுத்துருவே இல்லாத கைப்பேசியில் இந்தப் பதில் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். அங்கும் எண்கள் பிழைத்துவிடும் என்பதால் 12, 8.30, 4 மூன்றையும் சொல்லாக எழுதாமல் எண்ணாகவே விட்டிருந்தார். பக்கத்தில் இருக்கும் ஒருவர் அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் “சாப்பிடாமல்” என்பது காணாமல் போய்விடும், அதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. திரைவாசிப்பானில் தமிழ்க் குரல் நிறுவப்படாமல் இருந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான்.

இதற்கு நிரலில் தீர்வு இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிளினிக்கில் பதியும்போதே ஒரு சோதனைச் செய்தியைத் தமிழில் அனுப்பி, முன்மேசையில் இருப்பவர் அந்த முதியவரின் கைப்பேசியை வாங்கி ஒரு முறை பார்த்துவிடலாம். கட்டமாகத் தெரிந்தால் அவர் பெயருக்கு எதிரே மலாய் என்று குறித்துவிட வேண்டியது; 160 எழுத்து வரை ஒரே எஸ்எம்எஸ்ஸில் போகும். மாணவர் குழு ஒன்று அன்றைக்கே தன் பதிவுப் படிவத்தில் இதற்காக ஒரு கட்டத்தைச் சேர்த்தது. முன்னிருப்பாகத் தமிழ் என்று வைப்பதா, எதுவும் தேர்ந்தெடுக்காத வரை பதிவே முடியாது என்று வைப்பதா என்பதில்தான் அவர்களுக்குள் வாக்குவாதம். இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.